பேராக்கில் மூன்று நாற்காலிகள்: சுல்தான், மந்திரி பெசார், மாநிலச் செயலாளர்

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய குடும்பம், தோட்டம் கைமாறிய பின் வீட்டு நிலம் கேட்டு மனுப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனுவை வாங்குவது மாவட்ட நில அலுவலகம். நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஈப்போவில் கூடும் ஆட்சிக்குழு. ஆனால் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தைப் புரட்டினால், நிலம் வழங்கும் மாநில அதிகாரம் என்பது ஆட்சியாளரைக் குறிக்கிறது. பேராக்கில் அவர் சுல்தான். ஒரே மனுவில் மூன்று பதவிகள் பின்னிக் கிடப்பதால், யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பதில் நம்மவர்களுக்கு அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம்.

குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1874ஆம் ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை, சுல்தானுக்குப் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்டை உட்கார வைத்தது. மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக, மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படியே நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெயர்தான் ஆலோசனை, கொள்கை வகுப்பதும் அவரே, அலுவலகத்தை நடத்துவதும் அவரே. முதல் ரெசிடென்ட் பர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆனாலும் பதவி நிலைத்தது.

1948இல் மலாயாக் கூட்டரசு பிறந்தபோது, ரெசிடென்டின் ஒற்றை நாற்காலி இரண்டானது. அரசை நடத்த மந்திரி பெசார் வந்தார். அலுவலகத்தை நடத்த மாநிலச் செயலாளர் வந்தார். பேராக்கின் முதல் மந்திரி பெசாரான டத்தோ பங்லிமா புக்கிட் கந்தாங் அப்துல் வாகாப் மக்கள் ஓட்டில் வந்தவரல்லர், சுல்தான் நியமித்தவர். சுதந்திரத்துக்குப் பிறகுதான் அந்தப் பதவி சட்டமன்றப் பெரும்பான்மையோடு கட்டப்பட்டது. மாநிலச் செயலாளரோ அன்றும் இன்றும் அரசு ஊழியர். நிர்வாகத்தின் தலைமை அதிகாரி அவர்தான். ஆட்சி மாறினாலும் அவர் நாற்காலி மாறாது. தேர்தலில் நிற்கவும் மாட்டார்.

இனி சுல்தானின் நாற்காலி. பினாங்கில் மாமன்னர் நியமிக்கும் ஆளுநரும் முதலமைச்சரும் இருக்கிறார்கள். பேராக் சுல்தான் நியமனத்தால் வந்தவரல்லர். அரச மரபின் வாரிசு முறையில் வருபவர். மற்றபடி அரசியலமைப்பில் ஆளுநர், சுல்தான் இருவர் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. பெரும்பாலானவற்றில் ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். சொந்த முடிவுக்கு விடப்பட்ட சிலவற்றுள் இரண்டு பெரியவை: மந்திரி பெசாரை நியமிப்பது, சட்டமன்றத்தைக் கலைக்க மறுப்பது. இந்த இரண்டும்தான் 2009இல் மோதலுக்கு வந்தன.

2008 மார்ச் தேர்தலில், 59 இடங்களில் 31ஐப் பின்னர் மக்கள் கூட்டணியாக இணைந்த கட்சிகள் பிடித்தன. பாஸ் கட்சியின் நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசாரானார். துரோனோ உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகரானார். 2009 பிப்ரவரியில் ஆளும் கூட்டணியின் மூவர் சுயேச்சைகளாகி எதிரணியை ஆதரிக்க, பலம் 28க்கு 31 என்று தலைகீழானது. நிஜார் சபையைக் கலைக்கக் கோரினார். நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவரான சுல்தான் அஸ்லான் ஷா, எதிரணியினரை நேரில் சந்தித்த பின் மறுத்துவிட்டார். பிப்ரவரி 6ஆம் தேதி எதிரணியின் ஜாம்ப்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

நிஜார் விலகவில்லை. மாநிலத்துக்கு இரண்டு மந்திரி பெசார்கள்! ஒருவர் சுல்தான் கையால் பதவியேற்றவர். மற்றவர், சபையில் யாரும் என்னைத் தோற்கடிக்கவில்லையே என்றவர். என் பார்வையில் மூன்று பதவிகளின் வேறுபாடு அப்போதுதான் பச்சையாகத் தெரிந்தது. அரசியல்வாதி வழக்காடலாம், செயலாளரால் முடியாது. கோப்பில் யாருடைய உத்தரவை ஏற்பது என்று அன்றைக்கே தீர்மானித்தாக வேண்டும். நிர்வாகம் ஜாம்ப்ரியின் பக்கம் நின்றது. மார்ச் 3ஆம் தேதி சிவகுமார் சபையைக் கூட்டியபோது செயலகத்துக்குள் நுழைய வழியில்லை. ஈப்போவில் ஒரு மரத்தடியில் கூட்டம் நடந்தது.

நிஜார் தொடுத்த வழக்கின் முடிச்சு, மாநில அரசியலமைப்பின் 16ஆம் விதியின் 6ஆம் உட்பிரிவு. நம்பிக்கையை இழந்த மந்திரி பெசார், சபை கலைக்கப்படாவிட்டால், ஆட்சிக்குழுவோடு பதவி விலக வேண்டும் என்கிறது அது. இழந்ததை எப்படி அறிவது என்று சொல்லவில்லை. சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், 1966இல், சபை வாக்கெடுப்பே வழி என்று நீதிமன்றம் கருதியிருந்தது. 2009 மே 11இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் நிஜார் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே மாதம் அதைப் புரட்டியது. 2010 பிப்ரவரி 9இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, வேறு வழியாலும் நம்பிக்கை இழப்பை அறியலாம் என்றனர்.

தீர்ப்பு சட்டப்படி முடிவானதுதான். ஆனால் எண்ணிக்கையை அரண்மனையில் எண்ணுவதற்கும் சபையில் எண்ணுவதற்கும் வித்தியாசம் உண்டு. சபையில் எண்ணினால் யார் எப்பக்கம் நின்றார்கள் என்ற சந்தேகம் மிஞ்சாது, செயலாளருக்கும் சங்கடமில்லை.

2020 டிசம்பர் 4ஆம் தேதி, அதே ஈப்போ சட்டமன்றத்தில், மந்திரி பெசார் அகமட் பைசால் அசுமு மீது நம்பிக்கைத் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48. ஆறு நாளில் சாரானி முகமட் பதவியேற்றார். யாரும் நீதிமன்றம் ஏறவில்லை.