பொலிசை: ஒரு சொல்லும் பன்னிரண்டரை விழுக்காடும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் பொலிசை. ராசராசனின் அக்கன் குந்தவை செப்புத் திருமேனிகளைச் செய்தளிக்கிறார். அவற்றுக்குத் திருவமுதும் விழாவும் தடையின்றி நடக்கவேண்டும் என்று காசும் கொடுக்கிறார். அந்தக் காசைக் கோயில் தன் பண்டாரத்தில் பூட்டி வைப்பதில்லை. சோழநாட்டு ஊர்களின் சபைகள் அதைப் பெற்றுக்கொண்டு ஆண்டுதோறும் கோயிலுக்குப் பொலிசை அளக்கின்றன. அதன் அளவு காசு ஒன்றுக்கு ஆட்டை வட்டம், அதாவது ஆண்டுக்கு, முக்குறுணி நெல். நெல்லாக அன்றிக் காசாகவே தரும் ஊர்களும் உண்டு. அங்கே காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு.

இந்தக் கல்வெட்டுகள் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சேறியபோது, பதிப்பாசிரியர் ஹுல்ட்ஸ் பொலிசையை வட்டி என்ற பொருளில் ஆங்கிலமாக்கினார். அகராதிப்படி அதில் குறையில்லை. ஆனால் பொருளியல் வரலாறு எழுதுவோர் அந்தச் சொல்லை அட்டவணைக்குள் கொண்டுபோனதும் அரைக்கால் என்பது பன்னிரண்டரை விழுக்காடு ஆனது. அது அப்படியே ‘சோழர் கால வட்டி விகிதம்’ என்ற பெயரையும் பெற்றுவிட்டது. அந்தப் பெயர் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. சொல்லின் வரலாறு இதற்குக் கொஞ்சம் உதவுகிறது.

பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் அடித்துக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அதைக் காற்றில் விட்டுப் பதர் நீக்குவது பொலி தூற்றுதல். பசுவோடு சேர்ப்பதற்கென்றே வளர்க்கும் காளையைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் பொலிகாளை என்றே சொல்கிறார்கள். நெல்லானாலும் மாடானாலும், முதல் அழியாமல் இருக்க அதிலிருந்து பெருகி வருவதே பொலி. கல்வெட்டுகளில் பொலியூட்டு என்ற சொல்லும் உண்டு. முதலைத் தொடாமல் அதன் பெருக்கத்தால் தர்மம் நடக்கும்படி வைத்த பொருள் அது. பொலிசையைச் சில கல்வெட்டுகள் பலிசை என்றும் எழுதும். தமிழில் அதன் இடத்தை வட்டி என்ற சொல் பிடித்துக்கொண்டது. மலையாளத்தில் பலிச என்பதே இன்றைக்கும் வங்கிக் கணக்கில் எழுதும் அன்றாடச் சொல்.

விளக்குக் கொடைகளைப் பார்த்தால் இந்தக் கருத்து இன்னும் தெளியும். தஞ்சையில் ஒரு நந்தாவிளக்கு எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை கொடுத்தார்கள். விளக்குக்கு விட்ட ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்பிக்கொண்டே போகும். மந்தையின் எண்ணிக்கை குறையாது, நெய்யும் நிற்காது. காசுக்குப் பொலிசை என்பதும் இதே கணக்குத்தான் என்று நான் படிக்கிறேன். சபை பெற்ற காசை எப்போது திருப்பித் தரவேண்டும் என்று தஞ்சைக் கல்வெட்டுகள் தவணை வைப்பதில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை பொலிசை வரவேண்டும், அவ்வளவே. தவணையும் அசலடைப்பும் இல்லாத ஒன்றைச் சந்தைக் கடனின் வட்டியோடு ஒரே வரிசையில் வைத்தால், இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே விலைச்சீட்டு ஒட்டியதாகிவிடும்.

1968இல் ஜார்ஜ் ஸ்பென்சர், தஞ்சைக் கோயில் கடன் கொடுத்ததையும் கால்நடையைப் பகிர்ந்ததையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செல்வத்தைத் தன்னிடம் ஈர்த்து மீண்டும் ஊர்களுக்கு அனுப்பிய நிறுவனமாக அவர் கோயிலைக் கண்டார். அந்தப் பார்வைக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். எனினும், வாங்கிய காசைச் சபை ஏரிக்குச் செலவிட்டதா, நிலத்துக்கா, வரி கட்டவா என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. அது வேளாண்மைக்கே முதலீடாயிற்று என்பது ஊகம். பொலி என்ற சொல் அந்த ஊகத்தை இயல்பாகத் தோன்றச் செய்கிறது, ஆனால் மெய்ப்பித்துவிடாது.

இனி முக்குறுணிக்கு வருவோம். 100 காசு பெற்ற ஊர் நெல்லாகத் தந்தால் ஆண்டுக்கு 300 குறுணி அளக்கும். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆகவே 25 கலம். காசாகத் தந்தால் பன்னிரண்டரைக் காசு. இரண்டும் சமம் என்று கொண்டால் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்று விலை கிடைக்கும். இந்த விலையை எடுத்துக்கொண்டு, முக்குறுணிப் பொலிசை பன்னிரண்டரை விழுக்காடே என்று ‘உறுதி’ செய்யும் கட்டுரைகள் உண்டு. இது சுற்றிச் சுற்றி வரும் வாதம். விகிதத்திலிருந்து எடுத்த விலை அதே விகிதத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. கோயில் வேறொன்றை வாங்கியபோது நெல்லுக்கும் காசுக்கும் இருந்த மாற்று அதே காலக் கல்வெட்டில் தனியாகக் கிடைத்தால்தான் சாட்சி ஆகும்.

குறுணியிலும் கவனம் வேண்டும். தஞ்சையில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆடும் இறைவனின் பெயரையே அளவைக்கு வைத்தார்கள். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர்தான். ஆடவல்லான் மரக்கால் ராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒக்கும் என்று கல்வெட்டே குறித்து வைக்கிறது. ஊருக்கு ஊர் அளவை மாறியதால்தான் அப்படிச் சொல்லவேண்டி வந்தது. அட்டவணையில் ‘குறுணி’ என்று மட்டும் எழுதி மரக்காலின் பெயரை விட்டுவிட்டால், இரண்டு கோயில்களின் நெல்லை ஒப்பிடும் வழியே அடைபட்டுவிடும்.

திருச்செந்தூர்க் கல்வெட்டு இதற்கு நல்ல சோதனை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணன் எடை குறையாத பழங்காசு 1400 கொடுத்து, அதைப் பல ஊர்களின் பொறுப்பில் வைக்கிறான். முதல் கெடாமல் பொலிசை மட்டும் கொண்டு கோயில் செலவு நடக்கவேண்டும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல். தஞ்சையில் முக்குறுணி, இங்கே இருபத்துநான்கு குறுணி, அதாவது எட்டு மடங்கு. தஞ்சை விலையை இங்கே பொருத்தினால் நூறு விழுக்காடு வரும். பாண்டிநாட்டில் வட்டி நூறாக இருந்து சோழநாட்டில் பன்னிரண்டரையாக இறங்கியது என்று ஒரு வளைகோடு வரைந்துவிடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பழங்காசு என்ற பெயரே நம்மைத் தடுக்கிறது. எடை குறையாதது என்று தனியே சொல்லவேண்டிய பழைய பொன்னும், ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தஞ்சையில் புழங்கிய காசும் ஒரே நாணயம் என்று கொள்ள இடமில்லை. அந்தப் பொன்னின் எடையும் அங்கே நெல் அளந்த கலமும் தெரிந்த பிறகே விழுக்காடு பேசவேண்டும். அதுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

இன்னொன்று. கல்லில் இருப்பது அளப்போம் என்ற உறுதிமொழி. அளந்ததை எழுதிய ஓலைக் கணக்குகள் அழிந்துவிட்டன. உறுதிமொழி எல்லா நேரமும் நிறைவேறிவிடவில்லை என்பதற்குக் கல்வெட்டிலேயே சான்று உண்டு. ராசராசன் காலத்தில் உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் திருவல்லம் கோயிலுக்கு வந்தபோது படையல் சுருங்கியும் விளக்குகள் கவனிப்பாரற்றும் இருந்தன. அவன் கோயிலாரையும் ஊராரையும் அழைத்து விசாரித்தான். ஸ்ரீகாரியம் ஆராய்தல் என்று கல்வெட்டுகள் சொல்லும் இத்தகைய விசாரணைகளைத் தேடி, கொடை ஆண்டுக்கும் விசாரணை ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கோயில்வாரியாகக் குறித்தால், பொலிசை எவ்வளவு காலம் ஒழுங்காக வந்தது என்பதற்கு ஓரளவாவது பதில் கிடைக்கும். பன்னிரண்டரை என்ற எண்ணைக் காட்டிலும் அந்த இடைவெளிகள் பொருளாதாரத்தைப் பற்றி அதிகம் சொல்லும் என்று நம்புகிறேன்.