ஒளியிழை மோடத்தில் ஒளித்திறன் அளவு

ஒளியிழை மோடத்தின் நிலைப்பக்கத்தில் `RX Power` என்பதற்கு எதிரே காணப்படும் எண், நிலையத்திலிருந்து புறப்பட்ட ஒளியில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்பதை `dBm` அலகில் கூறுகிறது. ஒரு மில்லிவாட் சக்தியைப் பூஜ்யமாகக் கொண்ட மடக்கை அளவாதலால், எண் 10 இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகவும், 3 இறங்கினால் ஏறக்குறையப் பாதியாகவும் குறைகிறது. -20 என்பது ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரில், நிலையத்திலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். ஜிபான் முறையில் நிலையக் கருவி +3 அளவில் ஒளியை அனுப்புகிறது. அத்தனை தூரத்தையும் கடப்பதில் ஏற்படும் நஷ்டம் ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல்லே. ஒரே இழையின் ஒளியை முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஸ்ப்ளிட்டர்களோ பதினேழு டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடுகின்றன. இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் இரண்டு டெசிபெல் கழித்தால், மோடத்தில் -18 அளவு தோன்ற வேண்டும். சாதாரணமாகப் பயன்படும் பி பிளஸ் வகை மோடம் -27 வரை தாங்கும். -8க்கு மேல் ஒளி மிகுந்தாலும் ஏற்பி திணறும்.

அவ்வீட்டில் ஒருநாள் -25 என்று காட்டினால், எல்லைக்குள் இருக்கிறதென்று திருப்தியடைவது தவறு. முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு ஒளியே இப்போது வருகிறது; இன்னும் சிறிது குறைந்தால் இணைப்பு விட்டுவிட்டு அறுந்து, சிவப்பு `LOS` விளக்கு எரியத் தொடங்கும். ஆகையால் இணைப்பு கொடுத்த அன்றே எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதே, எந்த அட்டவணையைக் காட்டிலும் நம்பத்தக்க பிரமாணமாகும். மோடம் தானே அளந்து சொல்லும் எண்ணில் மூன்று டெசிபெல் வரை பிழை இருக்கக்கூடுமாதலால், இரு வீட்டு மோடங்களின் எண்களை ஒப்பிடுவதைவிட, ஒரே மோடத்தின் அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுவதே உண்மையை உரைக்கும்.

பழுது எங்கே என்பதை அண்டை வீடுகளே காட்டிக்கொடுக்கும். ஒரே ஸ்ப்ளிட்டரிலிருந்து பிரியும் வீடுகள் எல்லாவற்றிலும் எண் ஒருசேர இறங்கியிருந்தால் குறை ஸ்ப்ளிட்டரிலோ அதற்கு முன்போ உள்ளது. இந்த ஒரு வீட்டில் மட்டுமெனில், கம்பத்திலிருந்து வரும் கேபிளையோ சுவரோரம் மடங்கிய பேட்ச் கார்டையோ இணைப்பி முனையிலுள்ள தூசியையோ சந்தேகிக்க வேண்டும். வளைவை நிமிர்த்தியவுடன் எண் மீண்டும் ஏறுமானால் காரணம் அதுவே. பச்சை இணைப்பியுள்ள இடத்தில் நீல இணைப்பியைச் செருகியிருந்தாலும் ஒளி பெருமளவு வீணாகும். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அபாயம். கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி அதில் வருகிறது.

இவ்வெண் நன்றாக இருந்தும் வைஃபை தடுமாறினால் ஒளியிழையைக் குறைகூறுவதற்கு இதில் ஆதாரமில்லை. அன்றியும், 1490 நானோமீட்டர் அலையில் கீழே வரும் ஒளியை மட்டுமே `RX Power` அளக்கிறது. 1310 நானோமீட்டரில் மேலே செல்வதன் புறப்பாட்டு அளவையே `TX Power` காட்டும். அது நிலையத்தை எவ்வளவு எட்டியது என்பதை அங்குள்ள கருவியில்தான் காண இயலும்.