பாவு

பாவுதல் என்றால் பரவுதல். தேவிகாபுரம் பட்டுத்தறிகளில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. அதன் ஊடே குறுக்காகச் செல்வது ஊடை.

சேலைக் கரை ஓடுவது பாவின் திசையில். ரவிக்கைக் கையின் விளிம்பில் கரை வரும்படி வெட்டினால், பாவு நூல் கையைச் சுற்றி நிற்கும். முறுக்கேறி விறைப்பாக இருக்கும் பாவு எளிதில் நீளாது. முழங்கையை மடக்கும்போது புஜமோ பருக்கும்.

ஆகவே 11 அங்குலப் புஜத்துக்கு 12 அங்குலமாவது வைக்க வேண்டும். அந்த ஓர் அங்குலமே தையற்காரர் சொல்லும் 'லூஸ்'. அது குறைந்தால் தையலோரம் நூல் விலகிச் சல்லடையாகும்.

அதே பட்டை மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். மார்புப் பகுதியைக் 'கிராஸ்' வெட்டுவது அதனால்தான். ஆனால் நெகிழாத லைனிங்கை நேராக வெட்டி வைத்தால் அந்த நெகிழ்ச்சி போய்விடும்; லைனிங்கும் கிராஸாக இருக்க வேண்டும்.