எஸ்பார் (பொறுப்பு ஒப்படைப்பு முறை)

எஸ்பார் என்பது மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றிய செய்தியை ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது பின்பற்றப்படும் நான்கு பகுதி கொண்ட பேச்சு அமைப்பு ஆகும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்பன அப்பகுதிகள். இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான எஸ், பி, ஏ, ஆர் ஆகியவற்றைச் சேர்த்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. பணிநேரம் முடிந்து செல்லும் செவிலியர் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போதும், செவிலியர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போதும் இது பயன்படுகின்றது.

தோற்றம்

இம்முறை ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றியது. 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே என்னும் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் லியோனார்ட், டக் பொனக்கம், சுசான் கிரகாம் ஆகியோர் இதனை மருத்துவத்துறைக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். இவர்களுள் பொனக்கம் முன்னர் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். 2007 ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு, பொறுப்பு ஒப்படைப்புக்குப் பயன்படுத்தத்தக்க முறையாக எஸ்பாரைப் பரிந்துரைத்தது.

அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கல் இரு தொழில்களின் பயிற்சி வேறுபாட்டிலிருந்து எழுந்தது. கண்டதை விரிவாக விவரிக்கவும், நோய் இன்னதென்று கூறுவதைத் தவிர்க்கவும் செவிலியருக்குக் கற்பிக்கப்பட்டது. மருத்துவரோ முடிவை முதல் வரியில் எதிர்பார்ப்பவர். இதனால் செவிலியருக்கு ஐயம் இருந்தும் அது சொல்லப்படாமலும், சொல்லப்பட்டும் கேட்கப்படாமலும் போனது.

நான்கு பகுதிகள்

நிலைமை என்பது இப்பொழுது என்ன நடக்கின்றது என்பதன் ஓரிரு வரிச் சுருக்கம். பின்னணியில் அந்த நிலைமையைப் புரிந்துகொள்ளத் தேவையானவை மட்டும் இடம்பெறும்: அறுவை நடந்த நாள், கூடுதல் நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை. நோயாளியின் முழு வரலாற்றையும் இங்கே கொட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. மதிப்பீடு என்பது பேசுபவரின் கருத்து. அது நோயின் பெயராக இருக்க வேண்டியதில்லை. "காரணம் தெரியவில்லை, ஆனால் நிலைமை மோசமாகிக்கொண்டு வருகின்றது" என்பதும் முழுமையான மதிப்பீடே. பரிந்துரை என்பது யார், எதை, எப்பொழுதுக்குள் செய்ய வேண்டும் என்னும் வேண்டுகோள்.

முதல் இரு பகுதிகளையும் நோயாளியின் பதிவேட்டிலிருந்தே வாசித்துவிடலாம். பின்னிரண்டையும் பேசுபவர்தான் தர முடியும். ஒப்படைப்பு பழுதாகும்போது பெரும்பாலும் விடுபடுவனவும் அவையே.

எடுத்துக்காட்டு

கீழுள்ள நிகழ்வு விளக்கத்திற்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டது. 62 வயது ஆண், எடை 70 கிலோ. பெருங்குடலின் ஒரு பகுதி நீக்கப்பட்டு, குடல் மீண்டும் இணைக்கப்பட்டு நான்காம் நாள். இரவு 7 மணிக்குப் பணி மாறுகின்றது. அமைப்பு எதுவும் இல்லாத ஒப்படைப்பு இவ்வாறு இருக்கலாம்:

"14 ஆம் படுக்கை, குடல் அறுவை, நாலாம் நாள். கொஞ்சம் காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்தாயிற்று. பி.பி. பரவாயில்லை. டாக்டருக்குத் தெரியும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "டாக்டருக்குத் தெரியும்" என்ற சொற்றொடர், எந்த மருத்துவருக்கு, எது, எப்பொழுது தெரிந்தது என்ற மூன்று கேள்விகளையும் மூடிவிடுகின்றது. கேட்பவர் கவலையின்றி அடுத்த படுக்கைக்குச் செல்வார். அதே நோயாளி எஸ்பார் முறையில்:

நிலைமை: "14 ஆம் படுக்கை நோயாளிக்கு மாலையிலிருந்து நிலைமை சரியில்லை. காலையில் இரத்த அழுத்தம் 136/80, நாடி 68. இப்பொழுது 108/64, நாடி 92. மூச்சு நிமிடத்திற்கு 24, வெப்பநிலை 38.3 பாகை செல்சியசு. வயிற்று வலி கூடியிருக்கின்றது."

பின்னணி: "குடல் இணைப்புக்குப் பின் நான்காம் நாள். உயர் இரத்த அழுத்தத்திற்கு மெட்டோபுரோலோல் எடுக்கின்றார், காலை வேளை கொடுக்கப்பட்டது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டு. சிறுநீர்க் குழாய் இருக்கின்றது, கடந்த 3 மணி நேரத்தில் 75 மில்லிலீட்டர்தான் வந்துள்ளது."

மதிப்பீடு: "இணைப்பில் கசிவு ஏற்பட்டு, தொற்று இரத்தத்தில் பரவுகின்றதோ என்று எனக்குக் கவலை. அழுத்தம் தனியே பார்த்தால் இயல்புதான், ஆனால் இவருக்கு அது வீழ்ச்சி."

பரிந்துரை: "6.50க்குப் பணி அறுவை மருத்துவரை அழைத்தேன், அரை மணிக்குள் வருவதாகச் சொன்னார். 7.30 வரை வராவிட்டால் நீங்கள் மூத்த மருத்துவரை அழையுங்கள். 15 நிமிடத்திற்கு ஒருமுறை அளவுகளைப் பாருங்கள். இரவு மெட்டோபுரோலோலைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி எழுதும்போது ஒவ்வாமையை நினைவுபடுத்துங்கள்."

நாடி 92 என்பது தனியாகப் பார்த்தால் யாரையும் அச்சுறுத்தாத எண். ஆனால் மெட்டோபுரோலோல் நாடியைத் தாழ்த்தி வைக்கும் மருந்து. அம்மருந்தின் கீழும் 68 இலிருந்து 92க்கு ஏறியிருப்பதால், உண்மையான உந்துதல் இதைவிடப் பெரியதாக இருக்கலாம். சிறுநீரும் அப்படியே. பொதுவாக ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிலீட்டராவது எதிர்பார்க்கப்படும். இவருக்கு அது 3 மணி நேரத்தில் 105 மில்லிலீட்டர், வந்ததோ 75. பின்னணி சேர்ந்த பிறகே நிலைமையின் எண்கள் பொருள் பெறுகின்றன.

கேட்பவர் முக்கியமானவற்றைத் திருப்பிச் சொல்வதும் இம்முறையின் ஒரு பகுதியாகப் பல இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளது: "7.30, மூத்த மருத்துவர், மெட்டோபுரோலோல் நிறுத்தி வைக்க, பெனிசிலின் கூடாது." கணினி வலையமைப்பில் பொதி வந்து சேர்ந்ததற்கு அனுப்பப்படும் ஒப்புகையைப் போன்றது இது. அனுப்பியதாலேயே செய்தி சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

வார்டு முழுமைக்கும் பயன்படுத்தல்

எஸ்பார் அடிப்படையில் ஒரு நோயாளி, ஒரு சிக்கல், ஓர் அவசரம் என்ற சூழலுக்குப் பொருந்துவது. 25 நோயாளிகள் கொண்ட வார்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு பகுதிகளையும் ஒரே நீளத்தில் ஓதினால், 14 ஆம் படுக்கை மற்ற 24 பேரின் நடுவே மறைந்துவிடும். எனவே படுக்கை எண் வரிசையை விட்டு, மோசமானவர்களை முதலில் சொல்வது நல்லது. நிலையாக உள்ளவர்களுக்கு நான்கும் சேர்ந்து இரண்டு வாக்கியங்களில் முடியலாம்.

அச்சிட்ட படிவம் வந்ததும் வேறொரு கோளாறு தோன்றுகின்றது. பரிந்துரைக் கட்டத்தில் "தொடர்ந்து கண்காணிக்கவும்" என்று எல்லா நோயாளிகளுக்கும் எழுதப்பட்டிருந்தால், முறை பெயரளவில் மட்டுமே உள்ளது என்று அறியலாம். எதைக் கண்காணிப்பது, எந்த அளவைத் தாண்டினால் யாரை அழைப்பது என்பது அதில் இல்லை.

முழு வார்டு ஒப்படைப்புக்கென ஐ-பாஸ் என்னும் வேறொரு முறையும் உள்ளது. அது நோயின் கடுமையை முதலில் கூறச் செய்து, கேட்பவர் சுருக்கித் திருப்பிச் சொல்வதில் முடிகின்றது. குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவர்களிடையே 9 மருத்துவமனைகளில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், அதன் பின் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன.

ஆய்வுகள்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செவிலியருக்கு எஸ்பார் பயிற்சி அளிக்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2013 இல் வெளியானது. எதிர்பாராத இறப்புகள் குறைந்தன. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திட்டமிடாது மாற்றப்பட்டவர்கள் கூடினர். முதல் பார்வைக்கு இது முரணாகத் தோன்றும். நிலைமை மோசமாவது முன்னதாகவே சொல்லப்பட்டதால், வார்டிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் உரிய நேரத்தில் மாற்றப்பட்டனர் என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். எனினும் முன்-பின் ஒப்பீட்டில் அதே காலத்தில் நடந்த பிற மாற்றங்களைப் பிரித்தறிவது கடினம். 2018 இல் வெளியான ஒரு முறைசார் மீளாய்வு, எஸ்பார் நோயாளர் பாதுகாப்பை மேம்படுத்துகின்றது என்பதற்கு மிதமான சான்றே உள்ளது என்றும், அதுவும் குறிப்பாகத் தொலைபேசி உரையாடல்களில் என்றும் கூறியது.