எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம்? ஒரு கேள்வியின் வரலாறு

மூட்டுவலின்னு ஒரு ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட போனா, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாத்துக்கும் முன்னாடி அவர் ஒரு கேள்வி கேட்பார். "காலையில எழுந்திருக்கும்போது கை கால் விறைப்பா இருக்கா? அது விட எவ்வளவு நேரம் ஆகுது?" பத்து நிமிஷம்னு சொன்னா அவர் யோசனை ஒரு பக்கம் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேலன்னு சொன்னா வேற பக்கம் போகும். இந்த எபிசோட் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது. அது எங்கிருந்து வந்தது, யார் வைத்தது, பிறகு ஏன் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்?

முதலில் ஒரு விஷயம். நம்ம ஊர்ல எல்லாமே "மூட்டுவலி"தான். ஆனால் அதற்குள் ரெண்டு பெரிய குடும்பங்கள் இருக்கு. ஒன்று தேய்மானம். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்வது. இன்னொன்று அழற்சி. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், இந்த ரெண்டாவது குடும்பத்தில் முக்கியமான நோய். இது முப்பதுகளிலும் வரும், இருபதுகளிலும் வரும். கவனிக்காமல் விட்டால் முதல் ஓரிரு வருடத்திலேயே எலும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். அரித்தது திரும்ப வளராது.

இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. 1800இல் பாரிஸில் லாண்ட்ரே-போவே என்ற இளம் மருத்துவர், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஒன்பது பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். இது நமக்குத் தெரிந்த கௌட் மாதிரி இல்லையே என்பதுதான் அவர் கவனித்தது. ஆனாலும் அதை கௌட்டின் ஒரு வகையாகத்தான் வைத்தார். 1859இல் லண்டனில் ஆல்ஃபிரட் கேரட் அந்த முடிச்சை அவிழ்த்தார். நோயாளியின் ரத்த சீரத்தில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, அதில் ஒரு நூலைப் போட்டு வைப்பார். கௌட் என்றால் நூலில் யூரிக் அமிலப் படிகம் ஒட்டும். ஒட்டாதவர்களின் நோய்க்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும் நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தேய்மானத்தை அதிலிருந்து பிரிக்க இருபதாம் நூற்றாண்டும் எக்ஸ்-ரேயும் வர வேண்டியிருந்தது.

பெயர் கிடைத்தது. ஆனால் ஒரு நகரத்து மருத்துவர் முடக்குவாதம் என்று சொல்வதும் இன்னொரு நகரத்து மருத்துவர் சொல்வதும் ஒரே நோய்தானா? இது தெரியாமல் மருந்து ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியாது. அதனால் 1950களில் அமெரிக்க ருமாட்டிசம் சங்கம் ஒரு பட்டியல் போட்டது. 1958இல் அதைத் திருத்தியது. அதில் முதல் வரியே "காலை விறைப்பு"தான். எவ்வளவு நேரம் என்று இல்லை, வெறும் விறைப்பு!

பிரச்சினை உங்களுக்கே புரியும். மூட்டு தேய்ந்தவருக்கும் காலையில் விறைக்கும். இடைவேளை வரை அசையாமல் படம் பார்த்துவிட்டு எழுந்தாலே அவருக்கு முழங்கால் பிடிக்கும், நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். இருக்கா இல்லையான்னு கேட்டால் ரெண்டு பேரும் "இருக்கு"ன்னுதான் சொல்வாங்க.

1987இல் இதைத் திரும்ப எடுத்தார்கள். ஃபிராங்க் ஆர்நெட் தலைமையிலான குழு முடக்குவாதம் உள்ள 262 பேரையும், வேறு மூட்டு நோய்கள் உள்ள 262 பேரையும் ஒப்பிட்டது. புதிய பட்டியலில் ஏழு அடையாளங்கள், நாலு இருந்தால் போதும். முதல் அடையாளம் அதே காலை விறைப்பு, ஆனால் இப்போது அளவோடு: "அதிகபட்சம் குறைவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம்". ஆறு வாரமாவது இப்படி இருக்க வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில், 1986இல், முழங்கால் தேய்மானத்துக்கு வந்த பட்டியல் முப்பது நிமிடத்துக்குக் குறைவு என்றது. நடுவில் இருக்கும் அரை மணி நேரம் இன்றைக்கும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.

அந்த "அதிகபட்சம் குறைவதற்கு முன்" என்ற சொற்கள்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். 34 வயதுப் பெண், ஏழு வாரமாக இந்தத் தொல்லை. ஆறு மணிக்குக் கண் விழிக்கிறார். பேஸ்ட் ட்யூபை அழுத்த முடியவில்லை. ஏழு மணிக்கு தோசைக் கரண்டியைப் பிடிக்க முடிகிறது. ஏழு நாற்பதுக்கு, இதுக்கு மேல இன்னிக்கு சரியாகாது என்ற நிலை. லேசான இறுக்கம் மதியம் வரை இருக்கு. இவரிடம் "எப்போ முழுசா போகுது?"ன்னு கேட்டால் பதில் ஆறு மணி நேரம். "எப்போ வேலை செய்ய ஆரம்பிக்கிறீங்க?"ன்னு கேட்டால் ஒரு மணி நேரம். சரியான கணக்கு விழித்ததிலிருந்து ஏழு நாற்பது வரை, நூறு நிமிடம். கேள்வியைச் சரியாகக் கேட்காவிட்டால் பதிலுக்கு மதிப்பே இல்லை. வலியையும் விறைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் சகஜம். இங்கே கேட்பது வலிக்குதான்னு இல்லை, மடங்க மறுக்குதான்னுதான்.

சரி, ஏன் காலையில்? இரவு நகரும்போது இன்டர்லூகின்-6 போன்ற அழற்சித் தூதுப் பொருட்கள் ரத்தத்தில் ஏறும், விடியற்காலையில் உச்சம் தொடும். அதை அடக்கும் உடம்பின் சொந்த ஹார்மோனான கார்ட்டிசால் நள்ளிரவில் அடிமட்டத்தில் இருக்கும், விடியும்போதுதான் ஏறும். 1997இல் ஸ்வீடனில் 26 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை காலை ஏழரைக்கு, சிலருக்கு நடு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி. ரெண்டு மணிக்குச் சாப்பிட்டவர்களின் காலை விறைப்பு தெளிவாகக் குறைந்தது. தேய்ந்த மூட்டில் இந்த ராத்திரி அலை பெரிதாக இல்லை. அதனால்தான் கொஞ்சம் அசைத்தால் விட்டுவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் 2010இல் வந்த புதிய பட்டியலில் காலை விறைப்பு இல்லை. காரணம் நியாயமானதுதான். நோயின் தொடக்கத்தில் சிலருக்கு ஒரு மணி நேரம் வராது. மறுபக்கம், ஃபைப்ரோமயால்ஜியா இருப்பவர்கள் அழற்சியே இல்லாமல் பல மணி நேரம் சொல்வார்கள். இதற்குள் நல்ல ரத்தப் பரிசோதனைகளும் வந்துவிட்டன. அதனால் மூட்டு எண்ணிக்கைக்கும் ரத்தத்துக்கும் மதிப்பெண் வைத்தார்கள். பத்துக்கு ஆறு வேண்டும்.

நம் உதாரணப் பெண்ணையே ரெண்டிலும் போட்டுப் பார்க்கலாம். ரெண்டு மணிக்கட்டு, ரெண்டு கையிலும் மூன்று மூன்று விரல் கணுக்கள், மொத்தம் எட்டு மூட்டு வீங்கியிருக்கு. ஈ.எஸ்.ஆர். அதிகம். முடக்குவாதத்துக்கான எதிர்ப்பொருள் பரிசோதனைகள் நெகட்டிவ். 1987 கணக்கில் விறைப்பு ஒன்று, மூன்று அல்லது அதற்கு மேல் மூட்டுப் பகுதிகள் ஒன்று, கை மூட்டுகள் ஒன்று, இரு பக்கமும் சமமாக இருப்பது ஒன்று. நாலு, சேர்ந்துவிட்டார். 2010 கணக்கில் எட்டு சிறு மூட்டுக்கு 3, ஈ.எஸ்.ஆருக்கு 1, ஆறு வாரத்துக்கு 1, எதிர்ப்பொருளுக்கு 0. மொத்தம் 5. ஒரு மதிப்பெண்ணில் வெளியே.

இந்த இடத்தில்தான் சிலர் "டெஸ்ட் நெகட்டிவ், வயசு கம்மி, ஒண்ணும் இல்லை"ன்னு வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். இந்தப் பட்டியல்கள் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க எழுதியவை, சிகிச்சையை மறுக்க எழுதியவை இல்லை. நல்ல மருத்துவர் நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்தபிறகும் வீங்கிய கணுவைத் தொட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார். அந்த நூறு நிமிடத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுவார். மருந்து ஆரம்பித்து சில மாதம் கழித்து அவர் மறுபடி கேட்பதும் அதே கேள்விதான். ஏழு நாற்பது இப்போது ஆறேகால் ஆகியிருக்கா?