பட்டம் வழங்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அங்கீகாரமற்ற பல்கலைக்கழகங்களும் சரிபார்ப்பு முறையும்

பணம் கட்டினால் சில மாதங்களில் பட்டம் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் விளம்பரங்களில் 'அரசுப் பதிவு பெற்றது', 'ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்றது', 'தன்னாட்சி நிறுவனம்' என்ற மூன்று தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு விளையாட்டுக் கழகமும் பதிவு பெறலாம். ஐஎஸ்ஓ 9001 ஓர் அமைப்பின் நிர்வாக நடைமுறைக்குத் தரப்படுவது. பாடத்திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. முறையான தன்னாட்சிக் கல்லூரிகூடத் தேர்வைத்தான் தானே நடத்துகிறது. பட்டத்தை அது இணைந்துள்ள பல்கலைக்கழகமே வழங்குகிறது. எனவே 'இந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா?' என்ற கேள்வி போதாது. 'இந்தப் பட்டத்தை, இந்த இடத்தில், இந்த முறையில் வழங்கும் அதிகாரம் இதற்கு எந்தச் சட்டத்திலிருந்து வந்தது?' என்று கேட்பதே சரியான சரிபார்ப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் அந்த அதிகாரத்தின் ஊற்று, 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டுள்ளது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், 3ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். நாக் தரமதிப்பீடு இதற்கு மாற்றாகாது. அது ஏற்கெனவே நடைபெறும் கல்வியின் தரத்தை அளக்கிறதே அன்றி, பட்டம் வழங்கும் உரிமையைத் தருவதில்லை. மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலும் குழுவின் கவனத்துக்கு வந்தவற்றை மட்டுமே காட்டும். 'போலிப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை' என்று ஒரு நிறுவனம் சொல்வதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். அதையும் நிறுவனம் அனுப்பும் இணைப்பின் வழியே போய்ப் பார்க்காமல், ugc.gov.in என்று நாமே தட்டச்சு செய்து பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பெயர் மட்டும் போதாது என்பதற்குச் சத்தீஸ்கர் வழக்கு சான்று. அம்மாநிலம் 2002இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டம், ஒரு திட்ட அறிக்கையை ஏற்று, அரசிதழ் அறிவிப்பின் மூலமே பல்கலைக்கழகத்தை நிறுவ வழிசெய்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் 112 பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுள் பலவற்றுக்குக் கட்டடமோ வளாகமோ இல்லை. மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் இயற்பியலாளருமான யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளையும் அவற்றின்படி வெளியான அறிவிப்புகளையும் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைப்பது மத்தியப் பட்டியலுக்கு உரியது. கற்பிக்கும் வசதியே இல்லாத ஒன்றைப் பல்கலைக்கழகம் என்று பெயரிட்டுப் பட்டம் வழங்க விடமுடியாது என்பது அதன் காரணம். ஒரு மாநிலத்தின் சட்டத்தைக் கொண்டு வெளி மாநிலங்களில் மையங்கள் திறப்பதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசிதழில் பெயர் வந்த நிறுவனத்தின் பட்டமும் வலுவிழக்கக்கூடும் என்பதை நாடு அன்று கண்டது.

ஆகவே சரிபார்ப்பு மூன்று படிகளில் நடக்க வேண்டும். நிறுவனம் எந்தச் சட்டத்தால் உருவானது என்பது முதற்படி. படிப்பு நடந்த இடமும் முறையும் அந்த அதிகாரத்துக்குள் அடங்குமா என்பது இரண்டாவது. தொலைநிலைப் படிப்பானால், குறிப்பிட்ட பாடத்துக்கும் குறிப்பிட்ட கல்வியாண்டுக்கும் அனுமதி இருந்ததா என்று deb.ugc.ac.in தளத்தில் பார்க்க வேண்டும். பட்டத்தின் பெயரும் காலமும் 22ஆம் பிரிவின்படி குறித்துரைக்கப்பட்டவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பது மூன்றாவது. காட்டாக, மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை 'ஒரே தடவையில்' எழுதி முடித்ததாக ஒரு விண்ணப்பம் வந்தால், சேர்க்கை நாளுக்கும் இறுதி மதிப்பெண் சான்றுக்கும் இடையே உள்ள காலமே உண்மையைச் சொல்லிவிடும். சேர்க்கை நாளையே முன்தேதியிட்டிருந்தால், பல்கலைக்கழகப் பதிவாளரிடம் சேர்க்கைப் பதிவைக் கேட்டால்தான் பிடிபடும்.

அறிவு பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் உண்டு, அதை அரசின் முத்திரைக்குள் அடைக்கலாமா என்று சிலர் வினவுவர். கற்பிப்பதையோ பயிற்சிச் சான்று தருவதையோ 22ஆம் பிரிவு தடுக்கவில்லை. 'பட்டம்' என்ற சொல்லையே அது காக்கிறது. இத்தனை ஆண்டு, இன்ன பாடத்திட்டம், இன்ன தேர்வு என்று பொதுமக்களுக்குக் கொடுக்கும் உறுதிமொழி அச்சொல்லில் இருக்கிறது. அதை நம்பியே ஒருவர் ஆசிரியராகவோ ஆய்வகப் பணியாளராகவோ அமர்த்தப்படுகிறார். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமே பட்டம் விற்றால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின்மீதே 2020இல் இமாச்சலப் பிரதேசத்தில் இத்தகைய வழக்குப் பதிவானது. நிறுவனத்தைச் சரிபார்ப்பது சான்றிதழைச் சரிபார்ப்பதாகாது என்பதே இதற்கு விடை, இரண்டும் தேவை.

சட்டத்தின் தண்டனையை மட்டும் நம்பியிருக்க முடியாது. போலியாகப் பட்டம் வழங்குவோருக்கு 24ஆம் பிரிவு விதிப்பது அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதமே. ஒரேயொரு மாணவரிடம் வாங்கும் கட்டணத்திலேயே அது ஈடாகிவிடும். அந்தத் தொகை உயர்த்தப்பட வேண்டும். அதுவரை இந்த வணிகத்தைத் தடுக்கும் உண்மையான வாயில், சான்றிதழை வாங்கி வைக்கும் அலுவலக மேசைதான். புகார் வந்தபின் விசாரிக்கும் வழக்கத்தை விட்டு, விண்ணப்பம் வந்த நாளிலேயே மூன்று படிகளையும் பதிவாளரின் உறுதிப்பாட்டையும் கட்டாயமாக்கினால், விற்கப்படும் காகிதத்துக்கு வாங்குவோர் இருக்கமாட்டார்கள்.