கபுர் இல்லாத தர்கா



மஃரிப் தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வரும் வேளையில், எங்கள் ஊரான திருவேங்கடத்துப் பள்ளிவாசலின் வாசலில் சில தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் நிற்பது வழக்கம். சிலர் கையில் தண்ணீர்ச் செம்பு இருக்கும். நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருக்கும். தொழுதுவிட்டு வருபவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுச் செல்வார்கள். அண்மையில் மத்ரஸா மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உஸ்தாத், இவர்கள் பொட்டல்புதூருக்கும் போகிறார்கள், சங்கரன்கோவிலுக்கும் போகிறார்கள். இவர்கள் நம்புவது எதை? இவர்களுக்கு நாம் ஓதி ஊதலாமா?"

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை எளிது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதல் பாதிதான் என்னைச் சில நாட்கள் யோசிக்க வைத்தது. அதற்கு விடை தேட, அவர் சொன்ன பொட்டல்புதூரிலிருந்தே தொடங்கலாம்.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், கடையத்தை அடுத்து இருக்கிறது பொட்டல்புதூர். அங்குள்ள தர்கா முஹ்யித்தீன் ஆண்டவர் பெயரால் வழங்குவது. முஹ்யித்தீன் ஆண்டவர் என்று நம் மக்கள் அழைப்பது ஷைகு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைத்தான். அவர்கள் ஹிஜ்ரி 561இல், அதாவது கி.பி. 1166இல், பக்தாதில் மறைந்தார்கள். அவர்களது அடக்கத்தலம் இன்றும் பக்தாதில்தான் இருக்கிறது. அவர்கள் தமிழகத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. ஆக, பொட்டல்புதூரில் அவர்களது கபுர் இல்லை. அவர்களது பெயர் இருக்கிறது, நினைவு இருக்கிறது, கந்தூரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களும் இந்துக்களும் அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள்.

பக்தாதில் அடங்கிய ஒருவரின் பெயர் பொதிகை மலையடிவாரத்துக்கு எப்படி வந்தது? கடல் வழியாக வந்தது என்பதே சுருக்கமான பதில். அவர்களது பெயரால் அமைந்த காதிரிய்யா தரீக்கா அரபு வணிகர்களோடும் ஆலிம்களோடும் நம் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. கோழிக்கோட்டு காளி முஹம்மது அவர்கள் முஹ்யித்தீன் மாலையை 1607இல் அரபு மலையாளத்தில் இயற்றினார்கள். நம் பக்கம் காயல்பட்டினத்தில், அதே நூற்றாண்டில் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் ஜீலானி நாயகத்தின் மீது குத்பிய்யத்தை அரபியில் பாடினார்கள். இன்றும் பல வீடுகளில் அது ஓதப்படுகிறது. துறைமுகத்தில் ஓதப்பட்ட பெயர், வியாபாரிகளோடும் நெசவாளர்களோடும் உள்நாட்டுக்கு நடந்து வந்தது. அரபி அறியாதவர்களிடத்தில் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்தவை கதைகள்: கப்பலைக் காத்த கதை, நோய் நீக்கிய கதை, பிள்ளை வரம் தந்த கதை.

கபுர் இல்லாத இடத்துக்கு மக்கள் வருகிறார்கள் என்றால், அவர்கள் தேடி வருவது அங்கே அடங்கியிருக்கும் உடலை அன்று. வேறொன்றை. அது என்ன என்பதை நாகூர் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

நாகூரில் கபுர் உண்டு. வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பயின்று, பல நாடுகள் சுற்றி, இறுதியில் நாகூரில் தங்கி, ஹிஜ்ரி 978இல் (கி.பி. 1570) மறைந்த ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் தீராத நோயை அவர்கள் நீக்கினார்கள் என்பது நாகூர் மரபு. அரண்மனையில் ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்றைக் கண்டெடுத்து, ஊசிகளைக் களைந்ததும் அரசர் குணமடைந்தார் என்று சொல்வார்கள். இன்றும் அங்கே புறாக்களைப் பறக்கவிடும் வழக்கம் அந்தக் கதையோடு இணைத்தே சொல்லப்படுகிறது. கதையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் கல்லில் நிற்பதை மறுக்க முடியாது. நாகூரின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் பிரதாப சிங். பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டு, அது நிறைவேறியதற்காகக் கட்டினார் என்பது வழிவழிச் செய்தி. அவருக்குப் பின் வந்த மகன் துளஜாவும் தர்காவுக்கு நிலம் வழங்கினார்.

பிரதாப சிங் இஸ்லாத்தைத் தழுவவில்லை. தன் குலதெய்வத்தைக் கைவிடவில்லை. கோயில்களுக்குக் கொடுத்த கையாலேயே நாகூருக்கும் கொடுத்தார். அவர் செய்ததற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: நேர்த்திக்கடன். ஒரு துன்பம், ஒரு வேண்டுதல், நிறைவேறினால் இன்னது தருவேன் என்ற வாக்கு, பின்னர் அந்த வாக்கைத் தீர்த்தல். அரசன் மினாரா கட்டித் தீர்த்தான். மீனவர் தகட்டில் செய்த சிறு கப்பலைக் கொண்டு வந்து தீர்க்கிறார். கால் வலி நீங்கியவர் கால் வடிவம் பொறித்த வெள்ளித் தகடு வைக்கிறார். வீடு கட்டியவர் வீடு வடிவத்தகடு வைக்கிறார். பிள்ளை பிழைத்த தாய், பிள்ளைக்கு முடியிறக்குகிறாள்.

இந்தப் பட்டியல் நம் வட்டாரத்தாருக்குப் புதிதாக இருக்காது. சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் உருவங்களை வாங்கிக் காணிக்கை செலுத்துவதையும், புற்றுமண்ணை மருந்தாக எடுத்துச் செல்வதையும் நாம் சிறுவயது முதல் பார்த்திருக்கிறோம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. அங்கே மாதா கோயிலிலும் அதே தகடுகள், அதே முடியிறக்கம். ஒரே பயணத்தில் இரண்டு இடங்களுக்கும் சென்று திரும்பும் குடும்பங்கள் ஏராளம். தெய்வத்தின் பெயர் மாறுகிறது, ஓதுபவர் மாறுகிறார், நேர்த்திக்கடனின் வடிவம் மாறவில்லை.

மாணவர் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். அந்தத் தாய்மார்கள் ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. அவர்கள் ஒரு வழக்கத்தை அறிவார்கள். அந்த வழக்கம் மதங்களுக்கு முன்பே ஊரில் இருந்தது. "இன்னாருக்கு அங்கே குணமானது" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன சொல்தான் அவர்களுக்கு ஆதாரம். இதை மதங்களின் கலப்பு என்று சிலர் மகிழ்கிறார்கள், வேறு சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு இரண்டும் பொருந்துவதாகத் தெரியவில்லை. நாகூரில் சந்தனம் பூசும் உரிமையும் பாத்திஹா ஓதும் பொறுப்பும் இன்றுவரை முஸ்லிம்களிடமே இருக்கின்றன. வெளியிலிருந்து வருபவர் அந்த இடத்தின் முறைக்கு உட்பட்டே தம் வேண்டுதலை வைக்கிறார். தலையில் முக்காடிட்டு நின்று, ஓதுபவர் ஓதி முடிக்கும்வரை காத்திருந்து, கொடுத்த சர்க்கரையை வாங்கிக்கொண்டு, வீடு திரும்பித் தம் பூசையறையில் விளக்கேற்றுகிறார். கலந்தது நம்பிக்கை அன்று. வாசல்தான் பொதுவானது.

கடல் கடந்து போனபோது இது இன்னும் வெளிப்படையாகிறது. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் நம் மரைக்காயர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். பினாங்கிலும் அதே நூற்றாண்டில் ஒன்று எழுந்தது. இரண்டிலும் கபுர் இல்லை. தெலோக் ஆயர் தெரு அந்நாளில் கடற்கரை ஓரம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஓர் இடம் தேடினார்கள். அதே தெருவில், சில அடி தூரத்தில், சீனர்கள் தங்கள் கடல் தேவதையான மாசுவுக்குக் கட்டிய தியான் ஹாக் கெங் கோயில் இருக்கிறது. அவர்களும் அதே காரணத்துக்காகத்தான் கட்டினார்கள்.

பொதுவான வாசல் எப்போதும் பொதுவாகவே இருந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே குரகலை மலையில் தப்தர் ஜீலானி என்ற இடம் உண்டு. ஜீலானி நாயகம் அங்கே தவம் இருந்தார்கள் என்பது அங்குள்ள முஸ்லிம்களின் மரபு. அங்கும் அவர்களது கபுர் இல்லை. அந்தக் குகைகள் பழைய பௌத்த மடத்துக்கு உரியவை என்ற உரிமைக் குரல் அண்மைக் காலத்தில் வலுத்து, முஸ்லிம்கள் கட்டிய கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிடவில்லை. "இந்த இடம் யாருடையது" என்ற கேள்வியைத் தூக்கி வந்தவர்கள் வேறு மனிதர்கள். தர்காக்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக் கணக்கு. கபுர் ஜியாரத்தை நபி (ஸல்) அவர்கள் முதலில் தடுத்து, பின்னர் அனுமதித்தார்கள். மரணத்தை நினைவூட்டும் என்பதே அதற்குக் காரணம். ஆனால் நேர்ச்சை ஒரு வணக்கம். அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. "வலியே, எனக்குப் பிள்ளை தந்தால் உமக்கு ஆடு தருகிறேன்" என்று ஒரு முஸ்லிம் சொன்னால் அது நேர்ச்சையாகாது, பாவமாகும். "அல்லாஹ் எனக்குப் பிள்ளை தந்தால் அந்த இடத்து ஏழைகளுக்கு ஆடு அறுத்து உணவளிப்பேன்" என்றால் அது தர்மம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும்: அதே ஆடு, அதே நார்சா. உள்ளே இருக்கும் சொல் வேறு. பொட்டல்புதூருக்குக் கூட்டமாகப் போகும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்கிறோம் என்பதை, பிற சமயத்தாரின் நம்பிக்கையை விசாரிப்பதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ளலாம்.

மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஸஹாபாக்களில் சிலர் பயணத்தில் ஒரு கூட்டத்தாரிடம் தங்க இடம் கேட்டார்கள். அவர்கள் விருந்தளிக்க மறுத்துவிட்டார்கள். அன்று அக்கூட்டத்தின் தலைவரைத் தேள் கொட்டியது. மறுத்தவர்களே வந்து, உங்களில் ஓதிப் பார்ப்பவர் உண்டா என்று கேட்டார்கள். ஒரு ஸஹாபி ஸூரத்துல் பாத்திஹாவை ஓதினார். அவர் எழுந்து நடந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு ஒப்புக்கொண்டார்கள் என்று புகாரியில் வருகிறது.

மறுநாள் மஃரிபுக்குப் பின் அந்த மாணவரைத்தான் வாசலுக்கு அனுப்பினேன். செம்புத் தண்ணீரில் பாத்திஹா ஓதி ஊதினார். "என்ன ஓதினீங்க தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். அவர் ஸூராவின் பொருளைத் தமிழில் சொன்னார். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு கிளம்பினார்.